கோட்டை, அருங்காட்சியகம், படகு: மதியம் இரண்டரைக்குள் பிள்ளைகள் சுருண்டுவிடுகிறார்கள், எங்கே தவறு?

இரு வாண்டுகள்

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. போன விடுமுறையில் ஒரு இரவு தங்கி வருவதாக இரண்டு நாள் கிளம்பினோம். முதல் நாளே மூன்று இடம் போட்டிருந்தேன். கோட்டை, அருங்காட்சியகம், அப்புறம் படகு. மறுநாள் உயிரியல் பூங்கா பார்த்துவிட்டு வீடு. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மதியம் இரண்டரைக்கு படகு வரிசையில் நிற்கும்போது சின்னவள் தரையில் படுத்துவிட்டாள். எழவே மாட்டேன் என்கிறாள். பெரியவன், "எனக்கு எதையும் பார்க்க வேண்டாம், ரூமுக்குப் போகலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் பூங்கா முழுக்க அவளை நானும் கணவரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டே நடந்தோம்.

இத்தனைக்கும் ரொம்ப நடக்கவில்லை. எல்லா இடமும் காரில்தான். வீட்டில் நாள் முழுக்க ஓடுகிற பிள்ளைகள் வெளியே வந்தால் மட்டும் ஏன் இப்படிச் சோர்ந்து போகிறார்கள்? அடுத்த விடுமுறையில் அதே ஊருக்கே மறுபடியும் போகலாம் என்றிருக்கிறோம். பார்க்காமல் விட்டது அவ்வளவு இருக்கிறது. திட்டத்தை எப்படி மாற்றுவது?

நடைப்பிரியன்

நான்கு வயதுக்கு மூன்று இடம் அதிகம்தான். நான் வைத்திருக்கிற கணக்கு, வயதுக்கு ஒரு கிலோமீட்டர். நான்கு வயதுக்கு நான்கு, ஒன்பது வயதுக்கு ஒன்பது. அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சோர்வு வராது. நீங்கள் எவ்வளவு நடந்தீர்கள் என்று ஒரு தடவை கூட்டிப் பாருங்கள், விடை அதிலேயே கிடைத்துவிடும்.

பேரனோடு ஒரு தாத்தா

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன் அம்மா. தண்ணீர் இருக்கிற இடமாகப் பாருங்கள். ஆறோ கடலோ ஏரியோ, எதுவானாலும் சரி. என் பேரனை ஆற்றங்கரையில் விட்டால் ஒரு காலை முழுக்க கல் பொறுக்கிக்கொண்டே இருப்பான், எனக்கும் முட்டி வலிக்கு உட்கார இடம் கிடைக்கும். கண் மட்டும் அவன் மேலேயே இருக்க வேண்டும், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

முகாம் அக்கா

பதினான்கு வருடமாக விடுமுறை முகாம்களில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிற வேலை என்னுடையது. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை எல்லோரும் வருவார்கள். பதில் சொல்லும் முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த முதல் நாளை மணிக்கணக்கோடு எழுதுங்கள். எப்போது எழுப்பினீர்கள், வீட்டில் வழக்கமாக எப்போது எழுவார்கள், எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்றீர்கள், எப்போது சாப்பிட்டார்கள். எத்தனை இடம் பார்த்தீர்கள் என்பதை விட்டுவிடுங்கள், இடைப்பட்ட நேரம்தான் எனக்கு வேண்டும்.

இரு வாண்டுகள்

ஞாபகம் இருக்கிற வரை சொல்கிறேன் அக்கா. வீட்டில் ஏழு மணிக்கு எழுவார்கள், அன்றைக்கு ஐந்துக்கே எழுப்பி ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டோம். மூன்று மணி நேரப் பயணம், எங்கும் நிறுத்தவில்லை, சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று. கோட்டை நுழைவுச்சீட்டுக்கு 25 நிமிடம். உள்ளே ஒன்றேகால் மணி நேரம் போல. அருங்காட்சியக வாசலில் 40 நிமிடம் வரிசை, உள்ளே ஒரு மணி நேரம். சாப்பிட உட்கார்ந்து தட்டு வர இன்னொரு 30 நிமிடம், அப்போதே மணி ஒன்றரை ஆகிவிட்டது, வீட்டில் பன்னிரண்டரைக்கெல்லாம் சாப்பிட்டுவிடுவார்கள். படகு வரிசையில் 35 நிமிடம் ஆகியிருக்கும், அப்போதுதான் படுத்தாள். நடந்தது இரண்டு கிலோமீட்டர் கூட இருக்காது.

எழுதிப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் புரிகிறது.

முகாம் அக்கா

25, 40, 30, 35. கூட்டினால் 130 நிமிடம். இரண்டு மணி பத்து நிமிடம் அந்தப் பிள்ளை சும்மா நின்றோ உட்கார்ந்தோ காத்திருக்கிறாள். இது போக மூன்று மணி நேரம் காரில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்து வந்திருக்கிறாள். நடைப்பிரியன் சொன்ன கிலோமீட்டர் கணக்கு காட்டுவழி நடைக்கு ஓரளவு உதவும். இங்கே அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவளுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது. ஆனாலும் படுத்துவிட்டாள். அவளைச் சாய்த்தது நிற்பதுதான், நடை இல்லை.

பெரியவர்கள் வரிசையில் நிற்கும்போது மனசு எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். நான்கு வயதுக்கு அது வராது, நின்றால் நிற்பது மட்டும்தான். அடுத்த தடவை வரிசையில் ஒரு நிமிடம் குந்தி உட்கார்ந்து அவள் கண் மட்டத்திலிருந்து பாருங்கள். பெல்ட், பை, யாரோ ஒருவரின் முழங்கை, வேறு ஒன்றும் தெரியாது. அருங்காட்சியகத்திலும் அதேதான். கண்ணாடிப் பெட்டிகள் பெரும்பாலும் நம் உயரத்துக்குத்தான் வைத்திருப்பார்கள், கீழிருந்து பார்க்கிறவளுக்கு விளக்கின் ஒளி கண்ணாடியில் பளிச்சென்று அடிக்கும், உள்ளே இருக்கிற பொருள் தெரியவே தெரியாது. ஒரு மணி நேரம் அவள் பார்த்தது விளக்கைத்தான்.

தூக்கம் தனிக்கதை. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12. இரண்டு மணி நேரம் முன்னால் எழுப்பியது காலையில் தெரியாது. புது இடம் போகிற குஷியில் கண் விரியத்தான் இருப்பார்கள். சாப்பாடும் தள்ளிப்போனதும் எல்லாம் சேர்ந்து இறங்கும். உங்களுக்கு இரண்டரைக்கு இறங்கியிருக்கிறது.

பின்சீட்டு

எல்லாம் சரி, அந்த மூன்று மணி நேரக் கார் பயணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மகளுக்கு 7 வயது, வளைவு வந்தால் வாந்தி. நாங்கள் வெறும் வயிற்றில்தான் கூட்டிப்போவோம், வாந்தியெடுக்க ஒன்றும் இருக்காது பாருங்கள். மொபைலில் படம் போட்டுக் கொடுத்தால் சத்தமில்லாமல் வருவாள், அரை மணிக்குப் பிறகு முகம் வெளுத்துவிடும். இறங்கின பிறகு ஒரு மணி நேரம் எதையும் பார்க்கிற நிலையில் இருக்கமாட்டாள்.

முகாம் அக்கா

பின்சீட்டு, அந்த மொபைல்தான் பாதி காரணம். கண் திரையில் நிலைத்து நிற்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உணர்வோ வண்டி திரும்புவதையும் குலுங்குவதையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது ரொம்ப சகஜம், பிறகு பல பேருக்குக் குறைந்துவிடும். புத்தகமும் அதே தொல்லைதான். தூரத்தில் அசையாமல் நிற்கிற மலையையோ அடிவானத்தையோ பார்க்க வைத்தால் தணியும். இருக்கை தாழ்வாக இருந்து சன்னல் வழியே வானம் மட்டும் தெரிந்தால் பயனில்லை, உயரத்துக்கு ஏற்ற குழந்தை இருக்கை இருந்தால் பாதுகாப்புக்கும் நல்லது, பார்வைக்கும் நல்லது.

வெறும் வயிறு வேண்டாம், அதிலும் குமட்டும். எண்ணெய் குறைவாக, லேசாகக் கொஞ்சம் சாப்பிட்டுக் கிளம்பலாம். அதன் பிறகும் விடவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், மாத்திரை இருக்கிறது, வயதையும் எடையையும் பார்த்து அவரே சொல்லட்டும்.

பின்சீட்டு

வெறும் வயிறு விஷயம் எனக்குத் தெரியாது. இத்தனை நாள் மாற்றித்தான் செய்திருக்கிறேன். நன்றி.

முகாம் அக்கா

இரு வாண்டுகள், இனி உங்கள் திட்டம். அதே ஊர், அதே மூன்று மணி நேரத் தூரம் என்று வைத்துக்கொண்டு நானாக இருந்தால் இப்படிப் போடுவேன்.

ஏழுக்கே எழட்டும். சாப்பிட்டு எட்டேகாலுக்குக் கிளம்புங்கள். ஒன்றரை மணி நேரம் ஆனதும் மைதானமோ மரத்தடியோ பார்த்து இருபது நிமிடம் நிறுத்துங்கள். கழிப்பறைக்குப் போய்வந்து மீதி நேரம் ஓடட்டும், உட்கார வைக்க வேண்டாம். பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்வீர்கள். சேர்ந்ததும் எந்த இடத்துக்கும் போக வேண்டாம். நேராகச் சாப்பாடு, வீட்டில் சாப்பிடுகிற அதே நேரத்துக்கு. தட்டு வரும் வரை கையில் ஏதாவது கொறிக்கக் கொடுங்கள். ஒன்றரைக்குப் படுக்கை. மூன்றரைக்குக் கோட்டை, வெயிலும் இறங்கியிருக்கும். மூடுகிற நேரத்தையும் கடைசி நுழைவு நேரத்தையும் முதல் நாளே கேட்டு வையுங்கள், பல இடங்களில் மூடுவதற்கு வெகு முன்பே நுழைவுச்சீட்டு தருவதை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் அருங்காட்சியகம் திறக்கிற நேரத்தில் வாசலில் இருங்கள், வரிசை குறைவாக இருக்கும். உள்ளே இரண்டு கூடம் மட்டும், முக்கால் மணி நேரம். இன்னும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்லும்போதே வெளியே வந்துவிடுங்கள். பிறகு திறந்தவெளியில் ஒரு மணி நேரம் இஷ்டத்துக்கு விடுங்கள். பன்னிரண்டுக்குச் சாப்பிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினால் சின்னவள் வண்டியிலேயே தூங்கிவிடுவாள். ஐந்துக்குள் வீடு. இரவுத் தூக்கத்துக்கு முன் வீட்டில் கொஞ்ச நேரம் கிடைக்கும், அது முக்கியம், தூங்கிக்கொண்டே வந்து இறங்கிய பிள்ளை மறுநாளும் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

இரண்டு நாளுக்கு இரண்டே இடமா? வண்டி எண்ணெய், தங்கும் அறை, இவ்வளவு செலவு செய்து போகிறோம். கொஞ்சம் அழுதால் அழட்டும், பிறகு பெருமையாகத்தானே சொல்வார்கள். அது போக ஒன்றரைக்குப் படுக்கை என்கிறீர்கள், தங்குமிடங்களில் அறையே மதியம் இரண்டு மணிக்குத்தான் தருகிறார்கள். எங்கே படுப்பது?

முகாம் அக்கா

அறைக் கேள்வி நியாயமானது, நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே பேசி, சிறு குழந்தை இருக்கிறது, பன்னிரண்டரைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். முதல் நாள் இரவு அந்த அறை காலியாக இருந்தால் பல பேர் தந்துவிடுவார்கள். முடியாது என்றால் திட்டத்தையே திருப்பிப் போடுங்கள். வீட்டிலேயே மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் தூங்குகிற நேரத்தில் வண்டியை எடுங்கள், மாலையில் போய்ச் சேரலாம். முதல் நாள் கோட்டையை விட்டுவிட வேண்டியிருக்கும், மறுநாள் ஒரே இடம்தான்.

நிறுத்தின காரில் தூங்கட்டும், நாம் பக்கத்தில் போய் வரலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். வெயிலில் மூடின காருக்குள் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். சன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

செலவு விஷயத்தில் உங்கள் மனது புரிகிறது. ஆனால் படகுக்குக் கொடுத்த பணத்தில் அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள்?

ஒற்றைக் குடை

நான் தனியாகத்தான் இரண்டு பேரையும் கூட்டிப்போகிறேன். 12 வயதும் 5 வயதும். பெரியவளுக்குக் கோபுரத்தின் உச்சி வரை ஏற வேண்டும், சின்னவன் இருபதாவது படியிலேயே உட்கார்ந்துவிடுவான். கணவன் மனைவி இருந்தால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்று பிரிந்துகொள்ளலாம். எனக்கு அது இல்லை. ஒவ்வொரு தடவையும் பெரியவள்தான் விட்டுக்கொடுக்கிறாள், அது எனக்கு உறுத்துகிறது. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?

முகாம் அக்கா

முழு வழி என்னிடம் இல்லை. பாதி வழி சொல்கிறேன். அவர்கள் வயதில் அக்காவோ தம்பியோ இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போங்கள், பெரியவர்கள் இருவர் ஆகிவிடுவீர்கள். அது முடியாதபோது, ஒரு பயணம் முழுக்கப் பெரியவளுடையது என்று முன்கூட்டியே பெயர் சொல்லி வைத்துவிடுங்கள். சின்னவனை அன்றைக்கு உறவினர் வீட்டில் விடலாம். பாதி நாள் போதும்.

நடைப்பிரியன்

என் கிலோமீட்டர் கணக்கு எனக்கு இவ்வளவு நாள் சரியாக வந்ததற்குக் காரணம், நாங்கள் போவது எப்போதும் மலைப்பாதை, அங்கே வரிசையே கிடையாது. இப்போது புரிகிறது.

ஒரு கேள்வி அக்கா. சோர்வு வரப்போகிறது என்று முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கொட்டாவி, கண் கசக்குவது தெரியும். சில பிள்ளைகள் அதற்கு நேர்மாறாக ஆட்டம் போடுகிறார்கள்.

முகாம் அக்கா

ஆட்டம் போடுவதும் சோர்வுதான். சும்மா சிரிப்பது, சமதரையில் தடுக்கி விழுவது, பக்கத்தில் இருக்கிறவனைக் காரணமில்லாமல் இடிப்பது, இதெல்லாம் வந்தால் எனக்கு இன்னும் பதினைந்து இருபது நிமிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கும் முன்னால் ஒன்று வரும். கேள்விகள் சுருங்கும். கோட்டைக்குள் நுழைந்ததும் "இந்த ஓட்டை எதுக்கு, இதுவழியா யார் பார்ப்பாங்க, அம்பு எவ்வளவு தூரம் போகும்" என்று கேட்டவன், கொஞ்ச நேரத்தில் "இது என்ன" என்று மட்டும் கேட்பான், பதிலுக்குக் காத்திருக்கமாட்டான். அதற்கப்புறம் "எப்போ போவோம்" வரும். நான் "இது என்ன" கட்டத்திலேயே உட்கார இடம் தேடுவேன். தண்ணீர், ஏதாவது கொறிக்க, பத்து நிமிடம் பேச்சே இல்லாமல். பெரும்பாலும் திரும்பி வந்துவிடுவார்கள். "எப்போ போவோம்" வந்த பிறகு உட்கார வைத்துப் பயனில்லை, கிளம்பிவிடுவதுதான் நல்லது.

சிலேட்டுப்பலகை

ஆர்வம் குறையாமல் இருக்க நான் கேள்வித்தாள் தயார் செய்து எடுத்துப்போவேன். பத்து கேள்வி, எல்லாவற்றுக்கும் விடை எழுதினால் பரிசு. நான் ஆசிரியை, அதனால் இது பழக்கம். பிள்ளைகள் ஓடி ஓடித் தேடுவார்கள்.

முகாம் அக்கா

நானும் முதல் சில வருடம் அப்படித்தான் செய்தேன். பிறகு கவனித்தேன், பிள்ளைகள் பொருளைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருக்கிற பெயர்ப்பலகையில் விடையைத் தேடிக் காகிதத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடினார்கள். ஓடுவது ஆர்வம் மாதிரித் தெரியும். இப்போது ஒரே ஒரு வேலைதான் கொடுக்கிறேன், விடை எந்தப் பலகையிலும் இல்லாததாகப் பார்த்து. கோட்டை என்றால், "முற்றுகை வந்து கதவெல்லாம் மூடிவிட்டால் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், கண்டுபிடி." நான்கு வயதுக்கு அது எட்டாது, அவளுக்கு, "உன் கை நுழைகிற ஓட்டை எங்கே இருக்கிறது பார்."

சிலேட்டுப்பலகை

என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் வேலை செய்கிறது, அதனால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. எழுதினால்தான் நினைவில் நிற்கிறது சிலருக்கு. ஆனால் பத்தை மூன்றாகக் குறைத்துப் பார்க்கிறேன்.

இரு வாண்டுகள்

போய் வந்துவிட்டோம். சொன்னபடி எல்லாம் நடக்கவில்லை, ஆனால் யாரும் தரையில் படுக்கவில்லை.

பேசி வைத்ததால் அறை ஒரு மணிக்கே கிடைத்தது. ஒன்றரைக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுக்க வைத்தேன், சின்னவள் தூங்கவே இல்லை. புதுக் கட்டில், புதுச் சுவர், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூங்க வேண்டாம், சும்மா படு என்று சொல்லி 35 நிமிடம் விளக்கில்லாமல் இருந்தோம். கோட்டையில் நாலே முக்கால் வரை தாங்கினாள், பிறகு தடுக்கி விழ ஆரம்பித்தாள், உடனே உட்கார்ந்துவிட்டோம். பெரியவனுக்குத் தண்ணீர்க் கேள்வியைக் கொடுத்திருந்தேன். முதலில் கிணற்றைக் காட்டி முடிந்தது என்றான். அது வெளி மதிலை ஒட்டி இருக்கிறதே, எதிரி மேலேயிருந்து அம்பு விட்டால் என்று அவன் அப்பா கேட்டார். அதற்கப்புறம் தரையிலேயே கண்ணாக நடந்தான். கல்தளத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் ஓடுவதைப் பார்த்துவிட்டு அதன் கூடவே போனான், அது மண்டபத்துக்கூரையிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீரை ஒரு தொட்டிக்குக் கொண்டுபோகிற வாய்க்கால். குப்பியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சோதித்தும் பார்த்தான், சரியாகத் தொட்டி வரை ஓடியது. மூடுகிற நேரம் வந்து காவலர் சொன்ன பிறகுதான் கிளம்பினான்.

மறுநாள் அருங்காட்சியகத்தில் சின்னவள் இருபது நிமிடம் ஒரே பானை முன்னால். தாழ்வான மேடையில் இருந்ததால் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. உடைந்த துண்டுகளை ஒட்டி வைத்த பானை, ஒட்டின கோடுகளை விரலால் காற்றிலேயே வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு கூடம் என்று நினைத்தது ஒன்றரையாக முடிந்தது.

தவறு ஒன்று, திரும்பும்போது சும்மா வரட்டும் என்று பெரியவனிடம் மொபைலைக் கொடுத்துவிட்டேன். வளைவில் வாந்தி. பின்சீட்டு சொன்னதைப் படித்திருந்தும்.

முதல் இரவு இரண்டு பேருமே சரியாகத் தூங்கவில்லை, பத்தரை ஆகிவிட்டது. அதனால்தான் கேட்கிறேன் அக்கா, பெரிய இடத்தை முதல் நாள் வைப்பதா இரண்டாம் நாள் வைப்பதா?

முகாம் அக்கா

அந்தத் தண்ணீர் ஊற்றின காட்சியைப் படித்து ரொம்ப சந்தோஷம். புது இடத்தில் முதல் ராத்திரி பெரியவர்களுக்கே தூக்கம் குறையும். முதல் நாளில் பயணக் களைப்பு, இரண்டாம் நாளில் தூக்கக் குறைவு, இரண்டில் எது உங்கள் பிள்ளைகளை அதிகம் சாய்க்கிறது என்பதைப் பொறுத்தது. என் முகாம்களில் நான் முதல் நாள்தான் வைக்கிறேன், பிள்ளைகள் காலையில் சேர்ந்துவிடுவார்கள் என்பதால். உங்களுக்கு மூன்று மணி நேரப் பயணம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

நாங்கள் எப்போதும் இரண்டாம் நாள்தான். தூக்கம் குறைந்தாலும் காலையில் பிள்ளைகள் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தடவை நானும் ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று போட்டுப் பார்க்கப் போகிறேன், வீட்டில் இப்போதே சண்டை.

ஒற்றைக் குடை

இன்னொரு குடும்பத்தைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் 11 வயதில் ஒரு பையன். வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், தேதி மட்டும் ஒத்துவரவில்லை.

இரு வாண்டுகள்

தேதி கிடைத்தால் எழுதுங்கள் ஒற்றைக் குடை, கோபுரம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பெரியவன் நேற்று, "படகு இன்னும் பார்க்கலையே" என்று ஆரம்பித்திருக்கிறான். சின்னவள் பானையை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறாள். காகிதத்தில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன், எதை முதல் நாளில் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை.